உபகாரச் சம்பளத்துக்கு முன்பணம்: போலியை அறிதலும் மெய்யை நிறுவுதலும்

1. விசாரணையின் பொருள்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைகளின் முடிவுகள் வெளியாகி, கல்லூரிச் சேர்க்கைக்குப் பணம் கட்டவேண்டிய கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும் மாதங்களில், வருமானம் குறைந்த குடும்பங்களின் கைபேசிகளுக்கு ஒரு வகைச் செய்தி தவறாமல் வந்து சேர்கிறது. தங்கள் மகனோ மகளோ உபகாரச் சம்பளம் ஒன்றுக்குத் தேர்வாகியிருப்பதாகவும், தொகை தயாராக இருப்பதாகவும், அதனை விடுவிப்பதற்கு ஒரு சிறு கட்டணம் மட்டும் செலுத்த வேண்டியிருப்பதாகவும் அச்செய்தி கூறும். செய்தியை அனுப்பியவருக்கு மாணவரின் பெயரும், பள்ளியின் பெயரும், தந்தையின் பெயரும்கூடத் தெரிந்திருக்கும். கடிதமாக வந்தால் முத்திரையும் கையொப்பமும் வரிசை எண்ணும் இருக்கும். இத்தனையும் இருந்தும் அது பொய்யாக இருக்கலாம்; இவற்றுள் பல இல்லாத ஒரு சிறு அறக்கட்டளையின் எளிய அறிவிப்பு மெய்யாகவும் இருக்கலாம். ஆகவே, எந்த அடையாளத்தைப் பிரமாணமாகக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதே இக்கட்டுரை விசாரிக்கும் பொருள்.

என் முடிவை முன்னரே சொல்லிவிடுகிறேன். ஓர் உபகாரச் சம்பளத்தின் மெய்ம்மையைத் தீர்மானிக்கும் அளவைகள் இரண்டே. பணம் எந்தத் திசையில் நகர்கிறது என்பது ஒன்று. அந்த விருதைப்பற்றிய உறுதிமொழி, நாமே தேடிக் கண்ட வழியில் வந்ததா, அல்லது விருது தருவதாகச் சொன்னவரே காட்டிய வழியில் வந்ததா என்பது மற்றொன்று. ஏனைய அடையாளங்கள் யாவும் இவ்விரண்டுக்குத் துணைபுரியுமேயன்றி, இவற்றின் இடத்தைப் பெறமாட்டா.

2. மெய்யான உதவித்தொகை வரும் வழி

போலியை அறிவதற்கு முன் மெய்யானது எவ்வாறு நடைபெறுகிறது என்பதைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். மத்திய அரசின் பல உதவித்தொகைகளுக்கு 2015ஆம் ஆண்டு முதல் ஒரே வாயிலாக விளங்கும் தேசிய உதவித்தொகை இணையதளத்தை, அதாவது `scholarships.gov.in` என்னும் தளத்தை, எடுத்துக்கொள்வோம். மாணவர் அதில் பதிவு செய்து விண்ணப்பம் அனுப்பியதும், அது முதலில் அவர் படிக்கும் நிறுவனத்திலுள்ள பொறுப்பு அலுவலரிடம் சென்று, இவர் இங்கே படிப்பவர்தாமா, கொடுத்த சான்றுகள் உண்மையா என்று சரிபார்க்கப்படுகிறது. பின்னர் மாவட்டத்திலோ மாநிலத்திலோ துறையிலோ உள்ள மேலலுவலர் இரண்டாம் முறை அதனைப் பரிசீலிக்கிறார். இரண்டு நிலைகளையும் கடந்த விண்ணப்பத்துக்குரிய தொகை, அரசின் பொது நிதி மேலாண்மை அமைப்பின் வழியாக, மாணவரின் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கில் நேராக வரவு வைக்கப்படுகிறது.

இப்பாதையை முதலிலிருந்து கடைசிவரை விரல்வைத்துத் தொடர்ந்து பார்த்தால், மாணவரின் கையிலிருந்து பணம் உள்ளே செல்லவேண்டிய இடம் ஒன்றுகூட அதில் இல்லை என்பது புலனாகும். பதிவு இலவசம், சரிபார்ப்பு இலவசம், தொகையை அனுப்புவதற்கும் கட்டணம் இல்லை. மாநில அரசின் திட்டங்களும் இத்தகையனவே. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. இரண்டிலும் விண்ணப்பம் கல்லூரியின் மூலமாகச் செல்கிறது. பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. இடையில் யாரும் தொலைபேசியில் அழைத்துக் கட்டணம் கேட்பதற்கு இடமே இல்லை.

ஆயினும் இப்பாதையில் தாமதங்கள் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. ஏனெனில் அத்தாமதங்களே வஞ்சகருக்கு வாசலாகின்றன. ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு கடைசியாக இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்கே தொகை செல்லுமாதலின், விண்ணப்பத்தில் ஒரு வங்கியும் இணைப்பில் வேறொரு வங்கியும் இருந்தால், குடும்பத்தினர் பார்க்கும் கணக்கில் பணம் வராது. இணைப்பே இல்லாவிடில் தொகை திரும்பிவிடும். ஆதாரில் ஒருவிதமாகவும் மதிப்பெண் சான்றிதழில் வேறுவிதமாகவும் பெயர் எழுதப்பட்டிருந்தாலும் விண்ணப்பம் நின்றுபோகும். இவற்றுக்கெல்லாம் பரிகாரம், `myaadhaar.uidai.gov.in` என்னும் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்ப்பதும், `pfms.nic.in` தளத்தில் கணக்கு எண்ணைக் கொடுத்துத் தொகை அனுப்பப்பட்டதா என்று தேடுவதும், வங்கிக் கிளைக்கோ கல்லூரி அலுவலகத்துக்கோ நேரில் செல்வதுமேயாம். இவற்றை அறியாத பெற்றோரிடம், 'உங்கள் பணம் தடைபட்டு நிற்கிறது, அதை எடுத்துவிட ஒரு கட்டணம் உண்டு' என்று ஒருவன் சொன்னால், தடை என்பது அவர்கள் அனுபவத்தில் உண்மையாக இருப்பதால், கட்டணமும் உண்மையென்றே தோன்றிவிடுகிறது.

3. நியாயமான கட்டணமும் நியாயமற்ற கட்டணமும்

கட்டணம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மோசடி என்று முடிவு செய்வதும் பிழையாகும். அவ்வாறு முடிவு செய்வோர் நல்ல வாய்ப்புகளை இழக்க நேரும். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்காக நடைபெறும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வில் வெற்றி பெறுவோருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் இத்தேர்வை எழுத விரும்புவோர் விண்ணப்பத்தோடு 50 ரூபாய் தேர்வுக் கட்டணத்தைத் தலைமையாசிரியரிடம் செலுத்துவது வழக்கம். இது மோசடி அன்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்புவோர் ஆங்கிலத் திறன் பரீட்சைக்குச் செலுத்தும் பெருந்தொகையும் மோசடி அன்று.

அப்படியானால் வேற்றுமை எங்கே இருக்கிறது? நியாயமான கட்டணம் ஒரு பணிக்கு விலை. நியாயமற்ற கட்டணம் ஒரு பரிசுக்கு விலை. தேர்வுக் கட்டணம் தேர்வுக்கு முன்னர் வாங்கப்படுகிறது. வெல்வோரும் தோற்போரும் ஒரே அளவாகச் செலுத்துகின்றனர். அதன் தொகை பொது அறிவிப்பில் எல்லோரும் காணுமாறு அச்சிடப்பட்டிருக்கிறது. பெறுபவர் தனிமனிதராக அன்றிப் பள்ளியாகவோ தேர்வை நடத்தும் ஸ்தாபனமாகவோ இருக்கிறார். மோசடிக் கட்டணமோ, தேர்வாகிவிட்டீர்கள் என்ற செய்திக்குப் பின்னர் முளைக்கிறது. தேர்வானவரிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. பொது அறிவிப்பில் அதைப்பற்றி ஒரு வரியும் இராது. பணம் போய்ச்சேருவது பெரும்பாலும் தனியொருவரின் கணக்குக்கோ கைபேசி எண்ணுக்கோ ஆகும். முடிவுக்கு முன்னா, பின்னா? எல்லோரிடமுமா, என்னிடம் மட்டுமா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடினால் வேற்றுமை தானே வெளிப்படும்.

4. பழைய தந்திரம், புதிய வேடம்

இம்மோசடி கைபேசியோடு பிறந்ததன்று. அமெரிக்காவில் கல்லூரிக் கட்டணங்கள் உயர்ந்துகொண்டே சென்ற காலத்தில், உபகாரச் சம்பளம் தேடித்தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கும் கூட்டங்கள் பெருகவே, அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் 1996இல் அவற்றின்மேல் தனியாகவே ஒரு நடவடிக்கையைத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் இவ்வகை வஞ்சகத்துக்கு எதிராகத் தனிச் சட்டமும் இயற்றியது. அக்காலத்தில் ஆணையம் மாணவர்களுக்கு விடுத்த எச்சரிக்கையின் சாரம் இன்றும் அப்படியே பொருந்துவதுதான் வியப்பு. உதவித்தொகை நிச்சயம், இல்லையேல் பணம் வாபஸ் என்பார்கள். இத்தகவல் வேறெங்கும் கிடைக்காது என்பார்கள். இடத்தை உறுதிசெய்ய வங்கிக் கணக்கு விவரமோ அட்டை எண்ணோ வேண்டும் என்பார்கள். எல்லா வேலையையும் நாங்களே செய்துவிடுகிறோம் என்பார்கள். சிறிது செலவாகும் என்பார்கள். நீங்கள் விண்ணப்பிக்காத போட்டியில் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள் என்பார்கள்.

இவற்றுள் கடைசியாகச் சொன்னதே மிகவும் வலிமையான அடையாளம் என்பது என் கருத்து. உதவித்தொகை வழங்கும் ஸ்தாபனம் எதுவாயினும், குடும்ப வருமானம், மதிப்பெண், சமூகம், படிக்கும் பாடம் ஆகியவற்றை அறியாமல் ஒருவரைத் தேர்வு செய்ய முடியாது. அவற்றை அறிவதற்கு விண்ணப்பமோ, பள்ளியின் பரிந்துரையோ இன்றியமையாதது. விண்ணப்பிக்காதவருக்கு விருது என்பது, தேர்வு செய்வதற்குரிய வழியே இல்லாத தேர்வு என்பதால், அது காரணகாரியத்துக்குப் பொருந்தாது. பள்ளி நமக்குத் தெரியாமல் பரிந்துரைத்திருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தால், தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்பதே போதும்.

5. தொலைபேசியில் நிகழ்வது

இந்நாளில் தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்படும் வடிவத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். பின்வரும் உரையாடல் இத்தகைய அழைப்புகளின் பொது இயல்பைக் காட்டுவதற்காக அமைத்தது. பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணின் தாய்க்கு அழைப்பு வருகிறது.

"அம்மா, கல்வித்துறை ஆபீஸ்ல இருந்து பேசறேன். உங்க பொண்ணு இந்த வருஷம் டென்த் முடிச்சிருக்கா இல்லையா? ஸ்காலர்ஷிப் இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபா வந்திருக்கு."

"ஆமாங்க சார். ஆனா நாங்க எதுவும் எழுதிப் போடலையே?"

"ஸ்கூல்ல இருந்தே லிஸ்ட் வந்திருக்கும்மா. வாட்ஸ்ஆப்ல ஒரு படம் அனுப்பியிருக்கேன். அதை ஸ்கேன் பண்ணி, பின் நம்பர் போடுங்க. பணம் உங்க அக்கவுண்டுக்கு வந்துடும். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு லிஸ்ட் க்ளோஸ் பண்றோம்."

இவ்வுரையாடலில் தாய் கேட்ட கேள்வி மிகச் சரியானது. அதற்கு வந்த விடையோ அவளால் உடனே சோதிக்க முடியாதது. மகளின் பெயரும் வகுப்பும் அவனுக்குத் தெரிந்திருப்பதை அவள் அத்தாட்சியாகக் கொள்கிறாள். ஆனால் மாணவர் பட்டியல்கள் பல கைகளில் உலவுகின்றன. பயிற்சி வகுப்புகளிலும் சேர்க்கை முகவரிடமும் கொடுத்த எண்கள் விலைக்கு விற்கப்படுகின்றன. நம்மைப்பற்றி ஒருவனுக்குத் தெரிந்திருப்பது, அவன் யார் என்பதற்குச் சான்றாகாது.

இனி அந்தப் படத்தை நோக்குவோம். அது ஒரு கியூ.ஆர். குறியீடு. யு.பி.ஐ. முறையில் இக்குறியீடு பணம் செலுத்துவதற்காக அமைந்ததே ஒழிய, ஸ்கேன் செய்பவர் பணம் பெறுவதற்காக அமைந்ததன்று. அதை ஸ்கேன் செய்ததும் திரையில் யாருக்குச் செல்கிறது என்ற பெயரும், எவ்வளவு என்ற தொகையும், செலுத்துக என்ற பொத்தானும் தோன்றும். அதன் பின்னரே இரகசிய எண் கேட்கப்படும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் எந்த நிலையிலும் தேவையில்லை. தூங்கிக்கொண்டிருப்பவரின் கணக்கிலும் பணம் வந்து விழும். குறியீட்டை ஸ்கேன் செய்தபின் எண்ணைக் கேட்கும் திரை வந்தால், பணம் நம்மிடமிருந்து வெளியேறப்போகிறது என்பதே அதன் ஒரே பொருள். தொலைபேசியில் பேசிக்கொண்டே செய்யும்படி அவன் வற்புறுத்துவது, திரையில் எழுதியிருப்பதை அவள் நிதானமாகப் படித்துவிடாமல் இருப்பதற்காகவே. ஐந்து மணி என்ற கெடுவும் அதற்காகவே விதிக்கப்பட்டது.

6. ஒரு கடிதத்தைப் பரிசோதித்தல்

தொலைபேசி அழைப்பைக் காட்டிலும் நுட்பமானது கடிதம். கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவருக்கு, கல்வி அறக்கட்டளை ஒன்றின் பெயரில், 50,000 ரூபாய் வழங்குவதாக மின்னஞ்சலில் கடிதம் வருவதாக வைத்துக்கொள்வோம். ஆவணப் பரிசீலனைக் கட்டணமாக 1,850 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அது உதவித்தொகையோடு திருப்பித் தரப்படும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. மாணவரின் மனம் உடனே ஒரு கணக்குப் போடுகிறது: 50,000க்கு 1,850 என்பது நூற்றுக்கு நான்குகூட இல்லையே! மோசடிக்காரனின் கணக்கு வேறு. அவன் 50,000 ரூபாயைத் தரப்போவதில்லை. ஆயிரம் பேருக்கு எழுதி நாற்பது பேர் செலுத்தினாலும் 74,000 ரூபாய் அவன் கைக்கு வந்துவிடும்.

இங்கே மாணவர் கேட்கவேண்டிய முதற்கேள்வி ஒன்று உண்டு: 'அந்தக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதி 48,150 ரூபாயை அனுப்பலாகாதா?' மெய்யாகவே 50,000 ரூபாயைக் கையில் வைத்திருப்பவருக்கு இதைவிட எளிய ஏற்பாடு இல்லை. இல்லாத பணத்திலிருந்து கழிக்க முடியாதாகையால், மோசடிக்காரன் இதற்கு விதிமுறை என்பான், கணக்குத் தணிக்கை என்பான், கணினி அனுமதிக்கவில்லை என்பான். எப்படியும் மறுத்தே தீருவான். அந்த மறுப்பே தீர்ப்பு.

கட்டணத்துக்கு வரி என்ற வேடம் போடுவதும் உண்டு. கல்விச் செலவுக்காக வழங்கப்படும் உபகாரச் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பதை 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவு தெளிவாக வகுத்தது. அது ஒருபுறம் இருக்க, மூலத்தில் வரி பிடிப்பது என்பதன் பொருளே, கொடுப்பவர் கொடுக்கும் தொகையிலிருந்து பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது என்பதாகும். பெறுபவர் முன்கூட்டியே வரியை இன்னொருவரின் கணக்குக்கு அனுப்புவது எந்தச் சட்டத்திலும் இல்லாத முறை. 1,850 ரூபாயைச் செலுத்தியவரிடம் அடுத்து வரி என்று 3,000, பின்னர் கணக்கைத் திறக்க 5,000 என்று கேட்பார்கள். முன்னர் கொடுத்தது வீணாகிவிடுமோ என்ற அச்சமே ஒவ்வொரு முறையும் அடுத்த தொகையைக் கொடுக்கச் செய்கிறது.

7. மெய்ம்மையை நிறுவும் முறை

கட்டணம் கேட்கவில்லை என்பதனாலேயே ஒரு விருது மெய்யாகிவிடாது. ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. ஆகியவற்றைப் பெறுவதற்காகவே விருது என்ற பெயரைப் பயன்படுத்துவோரும் உளர். ஆதலால் வெளியிலிருந்து வரும் எந்த விருதையும் மூன்று படிகளில் பரிசோதிப்பது நலம்.

முதற்படி முகவரி. இணைய முகவரியை வலப்புறத்திலிருந்து இடப்புறமாகப் படிக்கப் பழகவேண்டும். தொடக்கத்திலுள்ள `https://` என்பதை விட்டு, முதற்சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்கும் சொற்களே அத்தளத்தின் உரிமையாளரைக் காட்டும்; அவற்றுக்கு இடப்புறத்தில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். கீழ்வரும் இரண்டில் முன்னது அரசின் தளம். பின்னது `example.com` என்ற பெயரை வைத்திருப்பவரின் தளம்.

```
scholarships.gov.in
scholarships.gov.in.example.com
```

`.gov.in`, `.nic.in` என்று முடியும் பெயர்கள் அரசு அமைப்புகளுக்கே வழங்கப்படுகின்றன. `.ac.in` கல்வி நிறுவனங்களுக்கு உரியது. `.org`, `.in`, `.com`, `.org.in` ஆகியவற்றையோ யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாயில் வாங்கிவிடலாம். `.org` என்ற முடிவைக் கண்டு அது தர்ம ஸ்தாபனம் என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணத்துக்கு ஆதாரம் இல்லை. பல ஆண்டுகளாகத் தொண்டாற்றுவதாகச் சொல்லும் அமைப்பின் தளம் எப்போது பதிவாயிற்று என்பதை `lookup.icann.org` போன்ற பக்கத்தில் பெயரைக் கொடுத்துப் பார்க்கலாம். முப்பது ஆண்டுச் சேவை என்று முகப்பில் எழுதியிருக்க, தளம் சென்ற மாதம் பதிவாகியிருந்தால், அந்த முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்டே ஆகவேண்டும்.

இரண்டாம் படி பதிவேடு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் அமைந்த அறநிறுவனமாயின், கம்பெனி விவகார அமைச்சகத்தின் `mca.gov.in` தளத்தில் அதன் பதிவு ஆண்டும் முகவரியும் காணக் கிடைக்கும். தொண்டு நிறுவனங்கள் பல `ngodarpan.gov.in` தளத்தில் பெயரைப் பதிந்திருக்கின்றன. அமெரிக்க அறக்கட்டளையாயின், அந்நாட்டு வரித்துறையின் தேடல் பக்கத்தில் அதன் பெயர் இருக்கவேண்டும்; தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் கணக்கில் வழங்கிய நிதியின் விவரமும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. இங்கிலாந்தில் அறநிறுவன ஆணையத்தின் பதிவேடு இப்பணியைச் செய்கிறது.

ஆனால் இப்படியின் எல்லையையும் உணரவேண்டும். பதிவேட்டில் ஒரு பெயர் இருப்பது, அப்பெயரில் ஓர் அமைப்பு உண்டு என்பதற்கே சான்று. நமக்குக் கடிதம் எழுதியவர் அந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதற்குச் சான்றன்று. மோசடிக்காரர் புதுப்பெயரைப் புனைவதைவிட, நற்பெயர் பெற்ற உண்மையான அறக்கட்டளையின் பெயரையும் பதிவெண்ணையும் எடுத்துப் பூசிக்கொள்வதை விரும்புவர். எதிர்ப்புறத்தில், ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் தாயார் நினைவாக ஆண்டுக்கு நான்கு பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டும் சிறு நிதிக்கு இணையதளமும் இராது, தர்ப்பண் பதிவும் இராது. ஆயினும் அது மெய்யான உபகாரமே. அதை அறிந்தவர்கள் பள்ளியிலும் ஊரிலும் இருப்பார்கள்.

ஆகவே மூன்றாம் படியே பிரதானமானது: அறிந்த இடத்திலிருந்து அறியாத இடத்துக்குச் செல்லுதல். கடிதத்தில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை அழைத்து, இக்கடிதம் உண்மையா என்று கேட்பதில் பயனில்லை. எழுதியவனே எடுத்து, உண்மைதான் என்பான். அக்கடிதத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, அந்த அறக்கட்டளையின் பெயரை நாமே தேடி, பதிவேட்டிலோ பழைய ஆண்டறிக்கையிலோ கிடைக்கும் எண்ணை அழைத்து, மாணவர் பெயரையும் விருதின் பெயரையும் சொல்லிக் கேட்கவேண்டும். பெரிய கம்பெனிகள் தங்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் வேலையை வேறொரு தளத்திடம் ஒப்படைப்பதுண்டு. அப்போது அந்தத் தளத்தில் கம்பெனியின் சின்னம் இருக்கிறதா என்று பார்ப்பது வீண். கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து அந்தத் தளத்துக்கு இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே முறை. சின்னத்தை யாரும் நகலெடுக்கலாம்; இன்னொருவர் வீட்டுச் சுவரில் அறிவிப்பு எழுத அவ்வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும்.

முன் சொன்ன 50,000 ரூபாய்க் கடிதத்தை இப்படிகளில் ஏற்றிப்பார்த்தால் என்ன நிகழும்? கடிதத்தை அனுப்பிய மின்னஞ்சல் முகவரி அறக்கட்டளையின் தளப்பெயரில் முடியாமல், யாரும் இலவசமாகத் தொடங்கத்தக்க பொது முகவரியில் முடிந்திருக்கும். பதிவேட்டில் அறக்கட்டளையின் பெயர் இருக்கும். ஆனால் அங்குள்ள முகவரி ஓர் ஊரும், கடிதத்திலுள்ள முகவரி மற்றோர் ஊருமாக இருக்கும். பதிவேட்டு எண்ணுக்கு அழைத்தால், நாங்கள் கல்லூரி மாணவர்க்கு உதவுவதே இல்லை, மருத்துவ முகாம் மட்டுமே நடத்துகிறோம் என்ற விடை வரக்கூடும். மூன்று படிகளுக்கும் சேர்த்து ஒரு பிற்பகல் போதும். கடிதம் நாளை மாலைக்குள் பணம் கேட்டிருந்தால், இப்பிற்பகலை நமக்குத் தராமல் இருப்பதே அக்கெடுவின் நோக்கம் என்பது விளங்கும்.

இவற்றோடு கல்லூரி அலுவலகத்தையும் மறவாதிருக்க வேண்டும். மெய்யான வெளி விருதுகள் பெரும்பாலும் படிப்புச் சான்றிதழையும் கட்டண விவரத்தையும் நிறுவனத்தின் கையொப்பத்தோடு கேட்கும். சில ஸ்தாபனங்கள் தொகையைக் கல்லூரிக்கே நேராகச் செலுத்தும். உதவித்தொகைப் பிரிவில் பணியாற்றும் எழுத்தர், ஆண்டுதோறும் வரும் விருதுகளின் பெயர்களையும் முன்னர் பெற்ற மாணவர்களையும் அறிந்திருப்பார். 'கல்லூரிக்குத் தெரிவிக்கவேண்டாம், இரகசியமாக இருக்கட்டும்' என்று எழுதும் விருது எதுவும் விருதன்று.

8. பணம் போனபின்

எச்சரிக்கையாக இருந்தும் ஏமாந்தவர் வெட்கத்தால் மௌனமாக இருப்பதே மோசடிக்குப் பேருதவியாகிறது. பணம் சென்றதை உணர்ந்த உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். `cybercrime.gov.in` தளத்திலும் புகார் பதியவேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு விரைந்து மாற்றப்பட்டு ரொக்கமாக எடுக்கப்படுவதால், முதற்சில மணிநேரத்துக்குள் சொன்னால் வங்கிகள் வழியாக அதனைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகுதி. மறுநாள் சொன்னால் அவ்வாய்ப்பு பெரிதும் குறைந்துவிடும். பரிவர்த்தனை எண், சென்ற நேரம், தொகை, பெற்றவர் பெயராகத் திரையில் தோன்றியது, வாட்ஸ்ஆப் உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்கவேண்டும்.

தன் வங்கிக்கும் அன்றே அறிவிக்கவேண்டும். வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் அவரது பொறுப்பை வரையறுத்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை வெளியிட்டது. ஆயினும் இரகசிய எண்ணைத் தாமே பகிர்ந்தமை போன்ற கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டத்தை, வங்கிக்கு அறிவிக்கும்வரை வாடிக்கையாளரே ஏற்கவேண்டும் என்றும் அதே அறிக்கை கூறுகிறது. கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து தானே எண்ணை இட்டவருக்கு வங்கியிடமிருந்து பணத்தைப் பெறுவது கடினம் என்பதை இதிலிருந்து அறியலாம். குற்றம் என்ற வகையில், கணினியின் துணையால் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதையின் 318ஆம் பிரிவும் பொருந்தும்.

புகார் கொடுத்தபின் இன்னொரு அழைப்பு வரக்கூடும்: இழந்த பணத்தை மீட்டுத்தருகிறோம், அதற்கு ஒரு கட்டணம் மட்டும் என்று. முதல் மோசடியின் பட்டியலே இரண்டாம் மோசடிக்கு மூலதனம். காவல் துறை பணத்தை மீட்பதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

9. கொடுப்போரின் கடமை

இதுவரை கூறியவை பெறுவோர் செய்யத்தக்கன. ஆனால் பாரம் முழுவதையும் பதினேழு வயதுப் பிள்ளையின்மீதும் எழுத்தறிவு குறைந்த பெற்றோரின்மீதும் சுமத்துவது நியாயமாகாது. உதவித்தொகை வழங்கும் ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் அறிவிப்பின் முதல் வரியிலேயே, எந்நிலையிலும் கட்டணம் இல்லை என்பதையும், தேர்வுக் கட்டணம் உண்டெனில் அதன் தொகையையும் செலுத்தும் இடத்தையும் அச்சிடவேண்டும். எந்த எண்ணிலிருந்து மட்டும் அழைப்போம் என்பதை முன்கூட்டியே கல்லூரிகளுக்குத் தெரிவித்துவிட்டால், வேறு எண்ணிலிருந்து வரும் குரலை மாணவர் நம்பவேண்டியதில்லை. தொகை தாமதமானால் காரணத்தையும் பரிகாரத்தையும் தமிழில் எழுதி அனுப்பினால், அந்தத் தாமதத்துக்குள் மோசடிக்காரன் நுழைய முடியாது. பள்ளிகளும் ஜூன் மாதத்திலேயே, இவ்வாண்டு எந்தெந்த உதவித்தொகைகள் உண்டு, ஒவ்வொன்றும் எப்போது எந்தக் கணக்குக்கு வரும் என்ற ஒரு தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்கலாம். அத்தாளைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய தாய், பட்டியலில் இல்லாத இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாயைப்பற்றி ஒருவன் தொலைபேசியில் பேசும்போது, 'நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்' என்று விடை கூறி அழைப்பைத் துண்டிக்கும் தைரியத்தை எளிதில் பெறுவாள். அந்த ஒரு நாள் அவகாசத்தைத் தாங்கும் மோசடி எதுவும் இல்லை.